எட்டு மைக் வைத்தும் டிரம்ஸ் ஏன் சின்னதாகக் கேட்கிறது

“சின்ன ரூமில் எட்டு மைக் வைத்தேன், டிரம்ஸ் அட்டைப்பெட்டி மாதிரி கேட்கிறது. அந்தக் கால ராக் சத்தம் எப்படி வரும்?”

மைக்கைக் குறையுங்கள், தூரத்தைக் கூட்டுங்கள். லெட் செப்பலினின் ‘வென் த லெவி பிரேக்ஸ்’ பாட்டுக்கு ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய வீட்டின் உயரமான கூடத்தில் ஜான் பானம் வாசிக்க, மேலே மாடிப்படியில் இரண்டே மைக்குகளைத் தொங்கவிட்டார் எஞ்சினியர் ஆண்டி ஜான்ஸ். அடி முதலில் நேராக வந்து, சுவரில் பட்டது சற்றுத் தாமதித்து வருகிறது, அந்த இடைவெளியைத்தான் காது பெரிய இடம் என்று எடுத்துக்கொள்கிறது. அப்புறம் கம்ப்ரெஸர் அடியை அமுக்கி எதிரொலியைத் தூக்கிவிடும். எட்டு மைக்கில் ஒரே ஸ்னேர் வெவ்வேறு நேரத்தில் பதிவாகி, சேரும்போது கனம் கரைகிறது. ஒரு டிராக்கின் போலாரிட்டியை மட்டும் திருப்பிப் பாருங்கள், சத்தம் தடித்தால் இதுதான் காரணம். ஆனால் சின்ன ரூமில் எதிரொலி உடனே திரும்பிவிடும், அதனால் முடிந்தால் டிரம்ஸ் கிட்டை உயரமான ஹாலுக்கு மாற்றிப் பாருங்கள்.