சான்றிதழில் ஒரு பெயர், ஜிபேயில் வேறு பெயர்

கேள்வி: பினாங்கிலிருந்து வரும் அண்ணன் குடும்பத்துக்காகக் கானாடுகாத்தானில் பழைய வீடு ஒன்றை விடுதியாக நடத்தும் இடத்தில் மூன்று அறைகள் பார்த்தோம். இணையதளத்தில் இருந்த எண்ணுக்கு வாட்ஸ்அப் செய்தேன். ஜிஎஸ்டி சான்றிதழை அனுப்பி, 18,000 ரூபாய் முன்பணத்தை இன்றே ஜிபே செய்யச் சொல்கிறார்கள். ஆனால் ஒரு தனிநபர் பெயர் வருகிறது. கேட்டால், “எங்கள் மேனேஜர்” என்கிறார்கள். அனுப்பலாமா? - வாசகி, காரைக்குடி

பதில்: இப்போது அனுப்ப வேண்டாம். அந்தச் சான்றிதழ் அசலாகவே இருக்கலாம். சிக்கலே அதில்தான் இருக்கிறது. பதிவு பெற்ற நிறுவனம் தன் சான்றிதழைக் கடையில் எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டும் என்பது விதி என்பதால், வரவேற்பறைக்கு வந்து போகும் எவரும் அதைப் படம் எடுத்துக்கொள்ள முடியும். ஆகவே, சான்றிதழில் உள்ள ஜிஎஸ்டி எண் உண்மையா என்பதோடு நின்றுவிடாமல், அந்த எண்ணுக்கு உரியவர்தான் பணத்தைப் பெறுகிறாரா என்றும் பார்க்க வேண்டும்.

gst.gov.in தளத்தில் வரி செலுத்துவோரைத் தேடும் பகுதியில் அந்த 15 இலக்க எண்ணை இடுங்கள். தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33 என்று தொடங்கும். சட்டப்படியான பெயர், வணிகப் பெயர் என இரண்டு பெயர்கள் தோன்றும். தனி உரிமையாளர் நடத்தும் விடுதியானால் சட்டப்படியான பெயர் அவருடைய சொந்தப் பெயராகவே இருக்கும். ஜிபேயில் வரும் தனிநபர் பெயர் அதனோடு பொருந்தினால் அதில் தவறில்லை. அங்கே கூட்டு நிறுவனம் என்றிருந்து, பணம் மட்டும் “மேனேஜர்” கணக்குக்குப் போகிறதென்றால், அந்த விளக்கத்தை நான் ஏற்கமாட்டேன். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் சிறு விடுதிகளுக்குப் பொதுவாகப் பதிவு கட்டாயமில்லை என்பதால், எண் இல்லாததை மட்டும் வைத்து ஒருவரை மோசடிக்காரர் என்று சொல்லிவிட முடியாது.

வரைபடச் செயலியில் உள்ள தொலைபேசி எண்ணையும் முழுமையாக நம்ப வேண்டாம். அதை மாற்றும்படி வெளியாட்களும் பரிந்துரைக்க முடியும். தாங்கள் இருப்பதோ காரைக்குடியில். ஒரு நடை நேரில் போய் விசாரித்து, ரசீது பெற்றுக்கொண்டு பணம் கட்டுவதே உத்தமம்.

இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கி 2017-இல் கொண்டுவந்த விதிகள் வாடிக்கையாளருக்குத் தரும் பாதுகாப்பு, அவர் அனுமதியின்றி நடந்த பரிமாற்றங்களுக்கானது. தாங்களே பின் எண்ணை அழுத்தி அனுப்பிய பணத்தை அதன்படி வங்கியிடம் கேட்பது கடினம். பெயர் திருடப்பட்ட உண்மையான விடுதியும் தங்களிடம் எதுவும் பெறவில்லை என்பதால், அதன் மீது நுகர்வோர் வழக்குத் தொடுத்தாலும் நிற்காது. மிஞ்சுவது, ஆள்மாறாட்ட மோசடிக்கான பாரதிய நியாய சன்ஹிதா 319, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66டி ஆகிய பிரிவுகளின் கீழ் குற்றப் புகார்தான்.

இதற்குள் அனுப்பிவிட்டிருந்தால், பரிமாற்றத்தின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குப் போகும் முன் முடக்க அதுவே வழி. “இன்னொரு முறை அதே தொகையை அனுப்பினால் இரண்டும் திரும்பி வரும்” என்று அவர்கள் சொன்னால், அனுப்பாமல் அந்த உரையாடலை அழிக்காது வைத்திருங்கள். புகாருக்கு அது சான்றாகும்.