360 பார்த்துக்கொள்ளுமா?

*கட்டுமான நிறுவனத்தில் டிராஃப்ட்டராக இருக்கிறேன். வடிகால் அறிக்கையில் Q = C·I·A/360 என்று இருக்கிறது. இடப்பக்கம் கனமீட்டர், விநாடி. வலப்பக்கம் மில்லிமீட்டர், மணி, ஹெக்டேர். அடுத்த பக்கத்தில் மேனிங் சூத்திரம், அதிலும் அலகு ஒத்துவரவில்லை. சீனியரிடம் கேட்டால் "அதெல்லாம் 360 பார்த்துக்கொள்ளும்" என்கிறார். சூத்திரம் தப்பா, நான் தப்பா? – ஜூரோங் வாசகர்*

முதல் சூத்திரத்தில் தப்பில்லை. உங்கள் சீனியர் சொன்னதும் அதற்கு மட்டும் சரி. இரண்டாவதுதான் வம்பு.

Q வடிகாலுக்கு வரும் நீர், I மழையின் வேகம், A நிலப்பரப்பு. C, பெய்த மழையில் எவ்வளவு ஓடிவருகிறது என்ற வெறும் விகிதம், அதற்கு அலகு இல்லை. ஒரு ஹெக்டேரில் மணிக்கு ஒரு மில்லிமீட்டர் மழை பெய்வதாக வையுங்கள். 0.001 மீட்டரை 10,000 சதுர மீட்டரால் பெருக்கினால் 10 கனமீட்டர். அது ஒரு மணி நேரத்தில், அதாவது 3,600 விநாடியில் வருகிறது. 10/3600 என்பது 1/360. ஆக, 360 வானத்திலிருந்து குதித்த எண் அல்ல; அலகுகளை மாற்றிய கணக்கு அதற்குள் சுருண்டு கிடக்கிறது. பரப்பைச் சதுர மீட்டரில் போட்டால் 360 செல்லாது. விடை பத்தாயிரம் மடங்கு வீங்கும், யார் கண்ணிலும் படும்.

கண்ணில் படாத தப்புதான் ஆபத்து. வடிகாலில் நீர் ஓடும் வேகம் V-யைச் சொல்லும் மேனிங்குக்கு வருவோம்:

```
V = (1/n) · R^(2/3) · S^(1/2)
```

S சரிவு, அலகு கிடையாது. R என்பது நீரோட்டத்தின் குறுக்குப் பரப்பை, நீர் தொடும் சுவர், அடித்தளத்தின் மொத்த நீளத்தால் வகுத்தது; மீட்டரில் வரும். இடப்பக்கம் மீட்டர்/விநாடி, வலப்பக்கம் மீட்டரின் 2/3 அடுக்கு. விநாடியையே காணோம். n-ஐ வெறும் எண்ணாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. சொரசொரப்பைச் சொல்லும் அந்த n, விநாடியை மீட்டரின் 1/3 அடுக்கால் வகுத்த அலகைச் சுமக்கிறது. அதைச் சேர்த்து எழுதுங்கள், இரண்டு பக்கமும் பொருந்திவிடும். அட்டவணைகள் பெரும்பாலும் அலகு போடாமல் 0.015 என்று மட்டும் அச்சடித்துவிட்டு நகர்ந்துவிடுகின்றன. இது அளந்து கண்ட சூத்திரம், இயற்பியலிலிருந்து வடித்தது அல்ல. இந்த மாதிரிச் சூத்திரத்தில் மாறிலிக்கும் அலகு உண்டு என்பதை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் அடிக்கணக்கு. அங்கேயும் அதே 0.015-தான் போடுவார்கள். அது பொருந்துவதற்காக, சூத்திரத்தின் முன்னால் 1.49 என்ற எண்ணைச் சேர்த்திருக்கிறார்கள். ஒரு மீட்டருக்கு 3.28 அடி, அதன் கனமூலம் 1.49. மீட்டரில் கணக்குப் போடும் நமக்கு அந்த எண்ணோடு எந்த வேலையும் இல்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். நிலம் 2 ஹெக்டேர், C 0.9, மழை மணிக்கு 200 மி.மீ. வரும் நீர் 0.9 × 200 × 2 / 360, சரியாக விநாடிக்கு 1 கனமீட்டர். வடிகால் ஒரு மீட்டர் அகலம், நீர் அரை மீட்டர் ஆழம், சரிவு 200-க்கு 1, n 0.015. பரப்பு 0.5, நனையும் நீளம் 2, R 0.25. வேகம் 1.87 மீ/வி, அதைப் பரப்பால் பெருக்கினால் கொள்ளளவு விநாடிக்கு 0.94 கனமீட்டர். போதாது. இதையே அடிக்கணக்கு எக்செல் தாளில் மீட்டர் எண்களைப் போட்டு ஓட்டினால் 1.39 வரும். "தாராளம்" என்று எழுதிக் கையெழுத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 1.39 என்பது நம்பத் தகுந்த எண்ணாயிற்றே, யார் சந்தேகப்படுவார்கள்?

இந்த எக்செல் தாள்களைப் பத்து, இருபது வெள்ளிக்கு விற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அப்புறம் "ரிப்போர்ட் நாங்களே எழுதித் தருகிறோம், நீங்கள் சமர்ப்பித்தால் போதும்" என்று வரும் இடைத்தரகர்கள். செல்களைப் பூட்டி, சூத்திரத்தை மறைத்துத் தருவார்கள். பூட்டிய தாளைத் தொடாதீர்கள். நான் முன்பு வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் இப்படி வாங்கிய தாள் நான்கு திட்டங்களுக்கு ஓடியது. பக்க எண் விட்டுப்போனதற்காக அறிக்கை இரண்டு முறை திரும்பி வந்தது. 1.49 பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. முத்திரை நேராக விழுந்திருக்கிறதா என்று பார்க்க இங்கே ஆள் இருக்கிறது, அலகைப் பார்க்கத்தான் நேரமில்லை!

பூட்டாத தாளாக இருந்தாலும் ஒரு சோதனை செய்யுங்கள். n, R, S மூன்றுக்கும் 1 போடுங்கள். V-யும் 1 என்று வந்தால் அது மீட்டர் தாள். 1.49 வந்தால் அடித்தாள். முதல் சூத்திரத்திலும் C, I, A எல்லாம் 1 போட்டால் 0.00278 வர வேண்டும்.

n தவறான அட்டவணையிலிருந்து வந்திருந்தால் இந்தச் சோதனை காட்டிக்கொடுக்காது. அலகு அப்போதும் பொருந்தும். ஆகவே சீனியரிடம் "சூத்திரம் தப்பு" என்று போய் நிற்காதீர்கள். தாளைத் திறந்து வைத்து, அவர் எதிரிலேயே அந்த மூன்று செல்லிலும் 1 போட்டுக் காட்டுங்கள்.