பிள்ளையை வீட்டில் தனியாக விடலாமா? வாசகர் கேள்விகள்

கேள்வி: மகனுக்கு 9 வயது. ஸ்கூல் வேன் மூன்றரைக்கு வேளச்சேரி வீட்டு வாசலில் இறக்கிவிடும், நான் ஆபீசிலிருந்து வர ஐந்தரை ஆகும். தனியாக விடலாமா?

பதில்: தினமும் இரண்டு மணி நேரம் என்றால் இப்போது வேண்டாம். பக்கத்து வீட்டிலோ டியூஷனிலோ இருக்கட்டும். நம் சட்டம் இதற்கென்று வயது எதுவும் வைக்கவில்லை. ஆனால் துன்பம் நேரக்கூடிய விதத்தில் தெரிந்தே கவனிக்காமல் விட்டால் 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 75-ஆம் பிரிவு பெற்றோருக்கும் பொருந்தும். 11, 12 வயதில்தான் நான் சோதித்துப் பார்க்கவே சொல்வேன். 9 வயதுப் பையன் எல்லாம் வழக்கம்போல் நடக்கும்வரை சமர்த்தாக இருப்பான், ஒன்று மாறினால் திணறிவிடுவான்.

சோதனை என்றால், "பயமா இருக்கா?" என்று கேட்பதில்லை. போன மாதம் 11 வயதுப் பெண் ஒருத்தியிடம், "கரண்ட் போயிடுச்சு, அம்மா போன் எடுக்கலை, வெளியே ஒருத்தர் 'அப்பா அனுப்பினார்'னு கதவைத் தட்டுறார், என்ன செய்வே?" என்று கேட்டேன். திறக்க மாட்டேன், எதிர்வீட்டு அத்தைக்கு போன் செய்வேன் என்றாள். சரியான பதில்தான். ஆனால் அத்தையின் நம்பர் அம்மாவின் போனில்தான் இருந்தது. அப்புறம் வீட்டில் செய்து பார்க்கச் சொன்னேன்: உள்ளிருந்து கதவைத் திறக்க மேல் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவில்லை, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து வந்து ஏறினாள். அம்மா அன்றைக்குத்தான் அதைக் கவனித்தாராம். தாழ்ப்பாளைக் கீழே இறக்கினார்கள், நம்பர்களைச் சுவரில் எழுதி ஒட்டினார்கள், பத்து நிமிடம் கடைக்குப் போய்வருவதில் ஆரம்பித்து, இப்போது முக்கால் மணி நேரம் வரை வந்திருக்கிறார்கள்.

கேள்வி: கிரில் கேட்டை வெளியே பூட்டிவிட்டுப் போனால் பாதுகாப்புதானே?

பதில்: கூடவே கூடாது. காஸ் கசிந்தாலோ ஸ்விட்ச் போர்டில் தீப்பிடித்தாலோ பிள்ளை வெளியே வர வழியில்லை. கதவை உள்ளே தாழிடட்டும், கிரில்லையும் பூட்டுவதாக இருந்தால் சாவி உள்ளே, அவன் கைக்கு எட்டும் ஆணியில் தொங்க வேண்டும். கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடிவிடுங்கள்.

கேள்வி: மகளுக்கு 13, தம்பிக்கு 2. மகள் ரொம்பப் பொறுப்பானவள். அவளிடம் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெளியே போகலாமா?

பதில்: தன்னைப் பார்த்துக்கொள்வது வேறு, குழந்தையைப் பார்த்துக்கொள்வது வேறு. குளியலறை பக்கெட்டில் கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் 2 வயதுக் குழந்தை தலைகுப்புற விழுந்தால் எழ முடியாது, சத்தமும் வராது. மகள் ஹாலில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருக்கும் இரண்டே நிமிடம் போதும், இதில் அவள் பொறுப்பு எங்கே குறைந்தது? அப்படி ஏதாவது ஆகிவிட்டால் அந்தக் குற்ற உணர்வை அந்தப் பெண் வாழ்நாள் முழுக்கச் சுமப்பாள். நீங்கள் சமையலறையில் இருக்கும்போது தம்பியைப் பார்த்துக்கொள்ளட்டும். அவனுக்கு 5 வயதாகி, அக்கா சொன்னால் கேட்கிறானா என்று பார்த்த பிறகு, அரை மணி நேரம் விட்டுப் பாருங்கள்.