ஐந்து நிமிடம் முன்னால் ஓடிய கடிகாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

முந்நூறு சொற்களுக்குள் சிறு குறிப்புகள் எழுதிப் பழகிவருகிறேன். படிப்பவர்கள் "நல்லா இருக்கு" என்கிறார்கள். மறுநாள் கேட்டால் யாருக்கும் எதுவும் நினைவில்லை. உண்மையில் எனக்கே நினைவில்லை. இடம் போதாததால் இப்படி ஆகிறதா, இல்லை, சொல்ல என்னிடம் ஒன்றுமே இல்லையா? கடைசியாக எழுதியதை இணைத்திருக்கிறேன். அப்பாவின் கடிகாரத்தைப் பற்றியது, 284 சொற்கள்.

ம.

அன்புள்ள ம.,

சொல்ல உங்களிடம் இருக்கிறது. குறிப்பின் நடுவே, பாதி வாக்கியமாக ஒளிந்துகிடக்கிறது. நீங்களே அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள்.

மற்ற வாசகர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். யாரும் எதற்கும் தாமதமாகக் கூடாதென்று ம.வின் அப்பா கூடத்துக் கடிகாரத்தை ஐந்து நிமிடம் முன்னால் ஓட விட்டிருந்தார். அவர் மறைந்த பிறகு, பாட்டரி மாற்றிய அண்ணன் நேரத்தைச் சரியாக வைத்துவிட்டார். குறிப்பு காலத்தின் அருமை பற்றிய நான்கு வாக்கியங்களோடு தொடங்குகிறது. "இருக்கும்போது யாருடைய அருமையும் தெரிவதில்லை" என்று முடிகிறது. இடையில் ஓரிடத்தில் இப்படி வருகிறது: "அண்ணன் சரிசெய்த பிறகு, ஏனோ தெரியவில்லை, ஒரு வாரம் தினமும் பஸ்ஸைத் தவறவிட்டேன்."

அந்த "ஏனோ தெரியவில்லை"யில்தான் நீங்கள் நின்றிருக்க வேண்டும். ஏன் என்று யோசித்துப் பாருங்கள். கடிகாரம் முன்னால் ஓடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். 8.10 என்று காட்டினால் 8.05 என்று மனம் தானாகக் கழித்துக்கொள்ளும். கடிகாரம் சரியான பிறகும் அந்தக் கழித்தல் நிற்கவில்லை. தவறான கடிகாரம் உங்களை ஒருநாளும் ஏமாற்றவில்லை, சரியான கடிகாரம் ஏமாற்றியது. இதை எழுத உட்காரும்போது உங்களுக்குத் தெரியாது. எனக்கும் உங்கள் கடிதத்தைப் படிக்கும்வரை தெரியாது.

உங்கள் கடைசி வாக்கியத்தையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். "இருக்கும்போது அருமை தெரிவதில்லை" என்பதை வெட்டப்பட்ட மரத்தைப் பற்றிய குறிப்பின் அடியில் வைக்கலாம், தொலைந்த நட்பின் அடியிலும் வைக்கலாம். எங்கும் பொருந்தும், யாரும் மறுக்கவும் மாட்டார்கள். நான் என் கடைசி வரியை இப்படித்தான் சோதிப்பேன்: வேறொரு சம்பவத்தின் கீழே கொண்டுபோய் வைத்துப் பார்ப்பேன். அங்கேயும் உட்கார்ந்துகொண்டால் அது எனக்கு முன்பே தெரிந்த பொதுமொழி, சம்பவத்திலிருந்து வந்ததல்ல. கழித்தல் விஷயம் வேறெங்கும் உட்காராது. அதற்கு உங்கள் வீட்டுக் கடிகாரம்தான் வேண்டும்.

உங்கள் அனுமதியோடு ஒருமுறை எழுதிப் பார்த்தேன்:

"கூடத்துக் கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும். நாங்கள் தாமதமாகிவிடக் கூடாதென்று அப்பா அப்படி வைத்திருந்தார். எங்கள் எல்லோருக்கும் அது தெரியும். எட்டு பத்து என்று காட்டினால் எட்டு ஐந்துதான் என்று கணக்குப் போட்டு, அந்த ஐந்து நிமிடத்தையும் செலவழித்துவிட்டுத்தான் கிளம்புவோம். அவர் போன பிறகு, பாட்டரி மாற்றிய அண்ணன் முள்ளைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைத்தான். அந்த வாரம் முழுக்க எனக்கு பஸ் தவறியது. கடிகாரம் தப்பாக ஓடியவரை நான் ஒருநாளும் ஏமாந்ததில்லை. அப்பா கூட்டி வைத்ததை நான் இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறேன்."

நூறு சொற்கூட ஆகவில்லை. ஆகவே இடம் போதாமை உங்கள் சிக்கல் அல்ல. மிச்சமுள்ள இடத்தில் நீங்கள் இன்னும் கொஞ்சம் தோண்டலாம். அப்பாவின் தந்திரம் உண்மையில் பலித்ததா? எல்லோரும் கழித்துவிட்டதால் ஒருநாளும் பலிக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. அது அவருக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்தும் ஏன் விட்டுவைத்தார்? இந்தக் கேள்விகளில் ஒன்றுக்கு இடமுண்டு. மூன்றுக்கும் கிடையாது.

வெட்டும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் குறிப்பில் அதன் தழும்புகள் தெரிகின்றன. முதலில் பெரிதாக எழுதி, பிறகு 300க்குள் அடக்க ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு சொல், மூன்று சொல் என்று கிள்ளியிருக்கிறீர்கள். அதனால் எல்லா வாக்கியங்களும் மூச்சு முட்டி, தந்தி போல ஆகிவிட்டன. ஆனால் விஷயம் எதுவும் குறையவில்லை. சொல்லைக் கிள்ளாதீர்கள், ஆளை எடுங்கள். அத்தை வந்து கடிகாரத்தைப் பாராட்டும் பகுதி 40 சொற்கள். அது போனால் மற்ற வாக்கியங்கள் எல்லாம் தங்கள் இயல்பான நீளத்துக்குத் திரும்பிவிடும். கடிகாரம் வாங்கிய கதையும் அப்படியே.

சங்க அகப்பாடல்கள் பலவற்றைத் தொகுத்தவர்கள் அடிக்கணக்கை வைத்தே பிரித்தார்கள். 4 முதல் 8 அடி குறுந்தொகை, 9 முதல் 12 நற்றிணை, 13 முதல் 31 அகநானூறு. குறுந்தொகைப் பாட்டு எதையும் அகநானூற்றுப் பாட்டின் சுருக்கம் என்று சொல்ல முடியாது. ஒரு குரல், ஒரு கணம் என்று தொடக்கத்திலேயே அளவாகப் பிறந்தது அது. சிறுகுறிப்பையும் அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் கட்சி.

எங்கும் பொருந்தும் கடைசி வரிக்கு நேரெதிரான பிழை ஒன்று உண்டு. அதில் நானே விழுந்திருக்கிறேன். ஒருமுறை நின்றுபோன கடிகாரத்தைப் பற்றி எழுதி, "அது நின்ற பிறகுதான் எங்கள் நேரம் ஓடத் தொடங்கியது" என்று முடித்தேன். (ஆம், எல்லோரும் என்றாவது ஒருநாள் கடிகாரத்தைப் பற்றி எழுதிவிடுகிறோம்.) பலரும் அந்த வரியைப் பாராட்டினார்கள். ஒருவர் மட்டும் "எப்படி?" என்று கேட்டார். பதில் இல்லை. எதிர்ச்சொற்கள் இரண்டை முட்டவிட்டால் பொறி பறக்கும், அவ்வளவுதான். இப்போதெல்லாம் கடைசி வரியை எழுதியதும் "எப்படி?" என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே விவரித்த சம்பவத்தில் பதில் இருந்தால் வரி நிற்கும். விளக்கம் சொல்ல இன்னொரு பத்தி வேண்டியிருந்தால் அடித்துவிடுவேன். "இன்னும் கழித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற வரிக்கு 8.10, 8.05 என்ற கணக்கு மேலேயே இருக்கிறது.

இந்த அளவுக்குள் செய்ய முடியாததும் உண்டு. "மனிதர்கள் பழகிய பொய்யை நம்புகிறார்கள்" என்று எழுத உங்களுக்குக் கை துறுதுறுக்கும். ஒரு வீட்டின் ஒரு வாரத்தை வைத்து அதை நிறுவ முடியாது; அதற்குக் கட்டுரை வேண்டும். "நான்" என்று சொல்லும்வரை உங்களிடம் சான்று இருக்கிறது. "நாம்" என்றதும் போய்விடுகிறது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். முள்ளைத் திருப்பி வைத்த உங்கள் அண்ணனும் அந்த வாரம் தாமதமானாரா? தன் கையால் சரிசெய்தவர் என்பதால் ஆகியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஆகியிருந்தால் நான் எழுதிப் பார்த்த வடிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அங்கிருந்து தொடங்குங்கள்.