சிவப்பாய்ப் போன சிறுநீர்

அன்புள்ள அக்கா,
மாலா-டி சாப்பிடுகிறேன். இதுவரை தவறியதில்லை. தொண்டைவலி, காய்ச்சலில் திங்களும் செவ்வாயும் மறந்துவிட்டேன். இன்று புதன் ராத்திரி. அட்டையில் ஆறு வெள்ளை மாத்திரை மிச்சம். டாக்டர் அமாக்சிசிலின் கொடுத்திருக்கிறார். ஆன்டிபயாட்டிக் கருத்தடை மாத்திரையைக் கெடுக்கும் என்கிறாள் தோழி. டாக்டரிடம் கேட்கக் கூச்சமாக இருந்தது.
எஸ்.

அன்புள்ள எஸ்.,

அன்றைக்கே தனிமடலில் சொன்னதைத்தான் மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மாத்திரையையும் புதன்கிழமை மாத்திரையையும் சேர்த்து உடனே விழுங்கு. திங்கள்கிழமை மாத்திரையைத் தூக்கிப்போடு. மீதி மூன்றையும் தினம் ஒன்றாக முடித்துவிட்டு, இரும்புச்சத்து மாத்திரைகளை விட்டுவிட்டு, ஞாயிறன்று புது அட்டை தொடங்கு. ஏழு நாள் ஆணுறை வேண்டும். அட்டையின் கடைசி வாரத்தில் தவறினால் இதுதான் வழி. முதல் வாரத்தில் தவறி, உறவும் நடந்திருந்தால் அவசரக் கருத்தடை பற்றி டாக்டரிடம் கேட்க வேண்டும். ஒரே ஒரு நாள் மறந்தால் நினைவு வந்ததும் சாப்பிட்டால் போதும்.

அமாக்சிசிலின் எதையும் கெடுக்காது. முன்பு டாக்டர்களே அப்படி எச்சரித்தார்கள். பிரிட்டனில் 2011-இல் அதைக் கைவிட்டார்கள். கருத்தடை மாத்திரை போட்ட மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மட்டும் அதில் இன்னொன்று போட்டுக்கொள்.

ஆனால் கூச்சம் என்று எழுதினாயே, அதுதான் எனக்குக் கோபம். இருபது வருஷம் முன்பு என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்குக் காசநோய் வந்தது. ரிஃபாம்பிசின் கொடுத்தார்கள். சிறுநீர் சிவப்பாகப் போகும், பயப்படாதே என்று சொல்லி அனுப்பினார்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாயா என்று யாரும் கேட்கவில்லை. மாமியாருக்குத் தெரியாமல் அரிசி டப்பாவில் அட்டையை ஒளித்து வைத்திருந்தவள், தானாகச் சொல்வாளா? ஒரு நாள்கூடத் தவறாமல்தான் சாப்பிட்டாள். மாதத்தின் நடுவில் லேசாக ரத்தம் பட்டது, உஷ்ணம் என்று விட்டுவிட்டாள். மூன்றாம் மாதம் கர்ப்பம்.

அந்த ரத்தம்தான் அறிகுறி. ரிஃபாம்பிசின் கல்லீரலை முடுக்கிவிடும். மாத்திரையிலுள்ள ஹார்மோனைக் கல்லீரல் வேகவேகமாகக் கரைத்துத் தள்ளிவிடும். 1970-களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் இதைக் கண்டுபிடித்ததே, காசநோய்க்கு மருந்து சாப்பிட்ட பெண்களுக்கு இப்படி இடையில் ரத்தம் பட்டதால்தான். வலிப்புக்குத் தரும் கார்பமாசெபைன், ஃபெனிடாய்ன் மருந்துகளும் இதையே செய்யும். மாத்திரையை இரட்டிப்பாக்கிச் சமாளிக்க நினைக்காதே. காப்பர்-டி போட்டுக்கொள்ளலாம், அது ஹார்மோனை நம்பி இல்லை. காசநோய் மருந்து ஆறு மாதம் என்றால் அதோடு கணக்கு முடியாது. நிறுத்திய பிறகும் கல்லீரல் அடங்க நான்கு வாரம் ஆகும்.

அடுத்த முறை எந்த டாக்டரிடம் போனாலும், தொண்டைவலிதானே என்று இருக்காமல், அந்த அட்டையை எடுத்து மேசையில் வை.