ஸ்டெதாஸ்கோப்பை ரகசியமாக வாங்காதீர்கள்

கேள்வி: எங்கள் தோழி மருத்துவப் படிப்பும் பயிற்சியும் முடித்து டாக்டராகிவிட்டாள். நாங்கள் நாலு பேர் பணம் போட்டு, இதயநோய் நிபுணர்கள் வைத்திருக்கிற உயர்ந்த ரக ஸ்டெதாஸ்கோப் வாங்கி, பெயர் பொறித்து, திடீரென்று கொடுத்து அசத்தப்போகிறோம். எந்த மாடல் வாங்கலாம்?

பதில்: மாடல் அப்புறம். முதலில் ரகசியத்தைக் கைவிடுங்கள். உங்கள் தோழியிடம் ஏற்கெனவே ஒரு ஸ்டெதாஸ்கோப் இருக்கும். நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும்போதே மாணவர்கள் அதை வாங்கிவிடுகிறார்கள். மூச்சொலி எது, இதயத்தின் முணுமுணுப்பு எது என்று பிரித்தறிய அவள் பழகியதெல்லாம் அந்த ஒன்றை வைத்துத்தான். அது நல்ல நிலையில் இருந்தால் நீங்கள் கொடுப்பது பெட்டியிலேயே கிடக்கும். உங்கள் மனம் கோணக் கூடாது என்பதற்காக நீங்கள் வரும் நாளில் மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வாள். நாலு பேர் பணம் அதற்கா?

அவளிடமே உட்கார்ந்து கேளுங்கள். இப்போது வைத்திருப்பது எந்தக் கம்பெனி, எந்த மாடல்? அதில் என்ன குறை? அடுத்த இரண்டு மூன்று வருடம் எந்தத் துறையில் இருக்கப்போகிறாள்? கடைசிக் கேள்விதான் முக்கியம். கதிரியக்கத் துறைக்கோ, திசுக்களை ஆராயும் நோய்க்குறியியலுக்கோ போகிறவளுக்கு ஸ்டெதாஸ்கோப் அன்றாடக் கருவியே இல்லை. பொது மருத்துவம், இதயம், நுரையீரல், மயக்கவியல், குழந்தை மருத்துவம் என்றால் பேச்சு வேறு.

குழந்தை மருத்துவத்தையே எடுத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கான ஸ்டெதாஸ்கோப்பில் மார்பில் வைக்கும் வட்டத் தகடு, அதாவது டயாஃப்ரம், சுமார் 4 சென்டிமீட்டர் அகலம். குழந்தைகளுக்கானது சுமார் 3 சென்டிமீட்டர். ஒரு சென்டிமீட்டரில் என்ன வந்துவிடப்போகிறது என்று தோன்றும். ஆனால் தகடு முழுவதும் தோலோடு ஒட்டிப் படிந்தால்தான் ஒலி சரியாக வரும். பச்சிளம் குழந்தையின் சிறிய, வளைந்த மார்பில் பெரிய தகட்டை வைத்தால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அந்த இடுக்கு வழியாக வார்டின் இரைச்சல் உள்ளே வரும். போதாததற்கு, அத்தனை சிறிய மார்பில் பெரிய தகடு இதயத்தையும் நுரையீரலையும் சேர்த்தே கேட்கவைக்கும். எந்த ஒலி எங்கிருந்து வருகிறது என்று சொல்வது கடினம். நீங்கள் நினைத்திருக்கிற இதயநோய் நிபுணர் ரகத்தின் பெரிய தகடு அவளுக்கு இந்த இடத்தில் உதவாது. இருப்பது அப்படியே இருக்கட்டும் என்று விட்டு, சிறிய தகடு கொண்ட குழந்தைகள் ரகம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் முதல் நாளே பயன்படும். அதற்குப் பணமும் குறைவாகவே ஆகும்.

பொது மருத்துவத்துக்குப் போகிறாள், பழையதும் மோசமாகிவிட்டது என்றால் உங்கள் திட்டம் சரி. மோசமாகிவிட்டதா என்று அந்தக் குழாயைக் கையில் எடுத்து வளைத்துப் பார்த்தாலே தெரியும். வெறும் கழுத்தில் மாட்டிக்கொண்டே இருந்தால் தோலின் எண்ணெயும் சூடும் சேர்ந்து பிளாஸ்டிக் குழாயை நாளடைவில் விறைக்கவைக்கும். மெத்தென்று வளையாமல் முரண்டு பிடித்தால், அல்லது குழாய் இரண்டாகப் பிரியும் இடத்தில் மெல்லிய வெடிப்புத் தெரிந்தால், அதன் காலம் முடியப்போகிறது. குழாய் நன்றாக இருந்து, காதில் வைக்கும் ரப்பர் முனையோ தகடோ மட்டும் தேய்ந்திருந்தால் புதிது வாங்க வேண்டியதே இல்லை. முனைகள், தகடு, அதைச் சுற்றியுள்ள வளையம் எல்லாம் சேர்ந்த உதிரிப் பெட்டி தனியாகக் கிடைக்கும். ஆனால் அதே கம்பெனி, அதே மாடலுக்கானதாகப் பார்த்து வாங்குங்கள். பொருந்தாத முனை கழன்று காதுக்குள்ளேயே தங்கிவிடலாம்.

புதிதுதான் என்று முடிவானால், உயர்ந்த ரகத்தில் என்ன கிடைக்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள். குழாய் தடிமனானது, பெரும்பாலும் ஒரே குழாய்க்குள் இரண்டு ஒலிப்பாதைகள் இருக்கும், மிக மெல்லிய முணுமுணுப்பும் கேட்கும். அமைதியான அறையில் இது உண்மையிலேயே பெரிய வித்தியாசம். ஆனால் கருவி கனமாக இருக்கும், கோட்டுப் பையிலும் எளிதில் அடங்காது. அவசரப் பிரிவின் கூச்சலில் அந்த நுட்பத்தில் பாதி வீண். அங்கே கேட்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது, காது முனை துளையை எவ்வளவு இறுக்கமாக அடைக்கிறது என்பதுதான். சிலருக்குச் சின்ன முனை பொருந்தும், சிலருக்குப் பெரியது. காதுக்குப் போகும் உலோகக் குழல்களின் இறுக்கம் சிலருக்கு அரை மணியிலேயே காதை வலிக்கவைக்கும். அவள் காதில் மாட்டிப் பார்க்காமல் நீங்கள் நாலு பேரும் இதை எப்படித் தேர்ந்தெடுப்பீர்கள்?

ஆகவே அவளைக் கூட்டிக்கொண்டு போங்கள். முனைகள் மூக்கை நோக்கி முன்பக்கம் சாய்ந்திருக்கும்படி மாட்டச் சொல்லுங்கள். காதுத் துளையின் போக்கு அப்படி. திருப்பி மாட்டினால் எத்தனை விலை கொடுத்த கருவியும் ஊமைதான். சரியாகப் பொருந்தினால் சுற்றியிருக்கும் பேச்சு சட்டென்று அமுங்கும். பிறகு தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்கட்டும், பழையதை வைத்தும் கேட்கட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று அவளே சொன்னால் பணத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று போகாதீர்கள். பெயர்பெற்ற கம்பெனிகளுக்குப் போலிகள் நிறைய உண்டு. கருவியில் வரிசை எண் இருக்கிறதா, கம்பெனி அதை ஒப்புக்கொள்கிறதா என்று பாருங்கள்.

பெயர் பொறிப்பது எனக்குப் பிடித்த யோசனை. மருத்துவமனையில் கைமாறித் தொலைகிற பொருள்களில் ஸ்டெதாஸ்கோப்புக்கு முக்கிய இடம் உண்டு. மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போவதற்குள் வேறொருவர் எடுத்துக்கொண்டு போய்விடுவார். பெரும்பாலும் தவறுதலாகத்தான், எல்லாம் ஒரே கறுப்பு. எனவே கறுப்பைத் தவிர்த்து அவளுக்குப் பிடித்த நிறத்தில் குழாய் வாங்குங்கள், உலோகப் பகுதியில் பெயரைப் பொறியுங்கள். குழாயில் எழுதினால் ஸ்பிரிட் போட்டுத் துடைக்கத் துடைக்க அழியும். பொறித்ததைப் பொதுவாகக் கடையில் திருப்பி எடுப்பதில்லை. ஒரு வாரம் பயன்படுத்திப் பார்த்து, சரி என்று அவள் சொன்ன பிறகு கொண்டுபோய்ப் பொறித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் கேட்டபின், இருப்பதே போதும் என்று அவள் சொல்வதற்கும் வாய்ப்பு அதிகம். அப்போது கைக்கடிகாரத்துக்குத் தாவாதீர்கள். கையையும் மணிக்கட்டையும் நன்றாகக் கழுவ வேண்டும் என்பதால் நோயாளிகள் பக்கம் கைக்கடிகாரமே கூடாது என்று பல மருத்துவமனைகளில் விதி இருக்கிறது. சட்டையில் குத்திக்கொள்ளும் கடிகாரம் ஒன்று உண்டு. முகப்பு தலைகீழாகத் தொங்கும். அணிந்தவர் குனிந்து பார்த்தால் நேராகத் தெரியும். நாடியை அரை நிமிடம் எண்ணி இரட்டிக்கவும், மூச்சை முழு நிமிடம் எண்ணவும் அதில் நொடி முள் இருந்தே ஆக வேண்டும். வெறும் எண் மாறுகிற திரை இதற்கு வசதிப்படாது. கண்கள் நோயாளியின் மார்பின்மேல் இருக்கும்போது ஓரப்பார்வையில் முள்ளின் ஓட்டம்தான் தெரியும். தோல் பட்டை வேண்டாம், துடைத்தெடுக்கக்கூடிய சிலிக்கோன் உறையாகப் பாருங்கள். நாலு பேர் பணத்தில் இது சிறு பகுதிதான் ஆகும். மீதியை என்ன செய்வது என்பதையும் அவளிடமே கேளுங்கள்.