சனிக்கிழமை மதியமே காலியாகும் ஏடிஎம்: கேள்வி-பதில்

எங்கள் பொறுப்பில் உள்ள ஒரு ஏடிஎம்மில் திங்கள் காலையும் வியாழன் காலையும் 4,000 நோட்டு வரும்படி நிரப்புகிறோம். பதிவேட்டைப் பார்த்தால் தினசரி சராசரி 1,000 நோட்டுதான். வியாழன் முதல் ஞாயிறு வரை நாலு நாளுக்கு 4,000 போதும் என்றுதான் கணக்கு வருகிறது. ஆனாலும் வார இறுதியில் காலியாகிவிடுகிறது. கணக்கில் எங்கே தவறு?

கூட்டல் வகுத்தலில் தவறு இல்லை. மக்களுக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று உங்கள் பதிவேட்டில் இல்லை, இயந்திரம் எவ்வளவு கொடுத்தது என்றுதான் இருக்கிறது. பெட்டியில் பணம் இருக்கும்வரை இரண்டும் ஒன்று. காலியான நிமிடத்திலிருந்து வேறு வேறு.

நீங்கள் அனுப்பிய வாரத்தையே எடுத்துக்கொள்கிறேன். திங்கள் 1,000, செவ்வாய் 1,050, புதன் 950. வியாழன் நிரப்பியபின் 1,100, வெள்ளி 1,700, சனி 1,200, ஞாயிறு 0. மொத்தம் 7,000, ஏழால் வகுத்தால் 1,000. இப்போது சனிக்கிழமையின் நேரத்தைப் பாருங்கள். 1,200 நோட்டும் மதியம் ஒரு மணிக்குள் போய்விட்டது, அப்புறம் ஒன்றும் இல்லை. வியாழன் முதல் போனவற்றைக் கூட்டினால் சரியாக 4,000, அதாவது நீங்கள் வைத்ததே. வைத்ததைத்தான் திரும்பப் படித்துவிட்டு, இதுதான் தேவை என்கிறோம். எத்தனை மாதம் இப்படிச் சராசரி எடுத்தாலும் 4,000-ஐத் தாண்டாது.

சரி, உண்மையான தேவையை எப்படிக் கண்டுபிடிப்பது? இதே இயந்திரம் காலியாகாமல் ஓடிய பழைய சனிக்கிழமைகள் சிலவற்றைத் தேடுங்கள். அந்த நாட்களில் ஒரு மணிக்குள் நாளின் எத்தனை பங்கு போனது என்று பாருங்கள். உங்கள் பதிவில் அப்படி மூன்று நாள் கிடைத்தது, மூன்றிலும் ஏறக்குறைய 60 சதவீதம். அப்படியானால் 1,200-ஐ 0.6-ஆல் வகுக்க வேண்டும்: சனிக்கிழமைத் தேவை 2,000. பணம் தீராத ஞாயிறுகள் இரண்டில் 1,300-ஐ ஒட்டி வந்திருக்கிறது. ஆக வியாழன் முதல் ஞாயிறு வரை 1,100, 1,700, 2,000, 1,300, மொத்தம் 6,100. வைத்தது 4,000. பற்றாக்குறை 2,100.

உடனே வியாழன் 6,100 வைத்துவிடலாம் என்று தோன்றும். அதற்குமுன் வாரத்தின் முதல் பாதியைப் பாருங்கள். திங்கள் முதல் புதன் வரை 3,000 போதும், 4,000 வைக்கிறீர்கள், 1,000 நோட்டு சும்மா கிடக்கிறது. நான் இரண்டாவது நிரப்பலை வெள்ளி காலைக்கு நகர்த்துவேன். திங்கள் முதல் வியாழன் வரை 4,100, வெள்ளி முதல் ஞாயிறு வரை 5,000. வண்டி அதே இரண்டு முறைதான் போகிறது, ஒரே தடவையில் வைக்கவேண்டிய உச்ச அளவு மட்டும் 6,100-இலிருந்து 5,000-க்கு இறங்குகிறது. நோட்டு அடுக்கும் பெட்டியான கேசட்டின் கொள்ளளவுக்குள் அடங்குமா என்ற தலைவலியும் குறையும்.

இதன்மேல் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் கூடுதல் வேண்டும். எல்லா இயந்திரத்துக்கும் ஒரே சதவீதம் போடுவது சோம்பேறித்தனம். கடந்த எட்டு வாரத்தில் இந்த இயந்திரத்துக்கான மதிப்பீடு எவ்வளவு தவறியது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி வையுங்கள். சம்பள வாரத்தைச் சாதாரண வாரத்தோடு கலக்காதீர்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. இங்கே பணம் இல்லாதபோது ஆட்கள் பக்கத்து இயந்திரத்துக்குப் போவார்கள், சிலர் திங்கள்கிழமை இங்கேயே திரும்பி வருவார்கள். எனவே இந்த 6,100-ஐயும், பக்கத்து இயந்திரத்தின் வீங்கிய எண்ணிக்கையையும் அப்படியே கூட்டினால் ஒரே ஆளை இரண்டு முறை எண்ணுகிறீர்கள். பக்கத்து இயந்திரத்துக்கு மதிப்பீடு போடும்போது, இது காலியாக இருந்த நாட்களை விலக்கிவிடுங்கள்.

‘பணம் தீர்ந்தது’ என்று பதிவாகிறது. ஆனால் நிரப்பப் போன குழு உள்ளே 600 நோட்டு மிச்சம் இருந்ததாகச் சொல்கிறது. யாரை நம்புவது?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். ஒரு கேசட்டிலிருந்து நோட்டை உருவ முடியாமல் தொடர்ந்து தோற்றால், இயந்திரம் அந்தக் கேசட்டைப் பழுது என்று ஒதுக்கிவிடும். மற்றவை காலியானதும் கொடுக்க ஒன்றும் இல்லை. மேலே போகும் செய்தி ‘பணம் இல்லை’. உள்ளே பணம் இருக்கிறது.

இயந்திரம் தானே எழுதிவைக்கும் பதிவான மின் ஜர்னலில் கடைசி இருபது பரிவர்த்தனைகளைப் படியுங்கள். வெறுமனே பணம் தீர்ந்தது என்றால் எண்ணிக்கை சீராக இறங்கி நின்றிருக்கும். பழுது என்றால் அதே கேசட்டில் உருவல் தோல்வியும், கொடுக்க முடியாமல் ஒதுக்கும் ரிஜெக்ட் பெட்டிக்குப் போன நோட்டும் வரிசையாகத் தெரியும். இன்னொரு அடையாளம், நிரப்பிய சில மணி நேரத்திலேயே மறுபடி ‘காலி’ என்று வருவது. கேசட்டை எடுத்து மாட்டியதால் பழுதுக் குறி அழிந்து கொஞ்ச நேரம் ஓடியது, அவ்வளவுதான். இதை நிரப்பும் குழுவின் கணக்கில் எழுதுவது அநியாயம்.

ஆயிரம் நோட்டுக்கு எத்தனை ரிஜெக்ட் என்பதை இயந்திர வாரியாக மட்டும் பார்க்காமல் கேசட் எண் வாரியாகவும் பாருங்கள். கேசட்டுகள் இயந்திரம் மாறி மாறிப் போகும். நான் பார்த்த ஒரு இடத்தில் மூன்று ஏடிஎம்களில் மாறி மாறி ஒரே புகார், மூன்றிலும் நோட்டை உருவி வெளியே தரும் டிஸ்பென்சரின் உருளையை மாற்றியாகிவிட்டது. கேசட் எண்ணால் வரிசைப்படுத்தியதும் ஒரே ஒரு கேசட் நின்றது. நோட்டுக் கட்டை முன்னே தள்ளும் தகடு அதில் கோணலாகியிருந்தது. பழுது இயந்திரத்தோடு நின்றால் டிஸ்பென்சர், கேசட்டோடு நகர்ந்தால் கேசட், எல்லாவற்றிலும் ஒரே நாளில் ஏறினால் அன்று வைத்த நோட்டின் தரம்.

எதுவும் பொருந்தாவிட்டால் நிரப்பும்போது இயந்திரத்தில் தட்டிய நோட்டு எண்ணிக்கையைச் சோதியுங்கள். எப்போதும் போடும் எண்ணையே பழக்கத்தில் தட்டிவிட்டு, குறைவாக வைத்திருப்பார்கள்.

97 சதவீதம் இயங்கியதாக அறிக்கை வருகிறது. புகார் மட்டும் குறையவில்லை.

30 நாளில் 3 சதவீதம் என்றால் சுமார் 22 மணி நேரம். அது நள்ளிரவுகளில் சிதறிக் கிடந்தால் யாருக்கும் தெரியாது, நாலு சனிக்கிழமை மாலைகளில் விழுந்திருந்தால் எல்லாருக்கும் தெரியும். அந்தந்த மணிக்கு வழக்கமாக நடக்கும் பரிவர்த்தனையால் நின்ற நேரத்தைப் பெருக்கிப் பாருங்கள். சிறு மதிப்பு நோட்டுக் கேசட் மட்டும் காலியாக இருந்த நேரத்தையும் தனியாக எடுங்கள். அப்போது இயந்திரம் ‘இயங்குகிறது’ என்றுதான் பதிவாகும், சின்னத் தொகை கேட்டவர் வெறுங்கையோடு திரும்பியிருப்பார்.

சர்வீஸ் இன்ஜினியரை முதலில் எந்த இயந்திரத்துக்கு அனுப்புவது?

மேலே சொன்ன பெருக்கல் தொகை எதற்கு அதிகமோ அதற்கு. ஆனால் அனுப்புமுன் நிறுத்தத்தின் காரணத்தைப் பிரியுங்கள். இணைப்பு அறுந்து கிடந்த நேரத்தில் பெட்டியும் காலியானால், பெரும்பாலும் முழு நேரமும் முதல் காரணத்தின் பேரிலேயே எழுதப்படும். இணைப்பைச் சரிசெய்ய ஆள் போய், வேலையை முடித்துவிட்டு வந்தபின்தான் பணம் இல்லை என்று தெரியவரும். கடைசி நிரப்பலின் கணக்கை வைத்து உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கும் என்று முன்பே போட்டுப் பார்த்தால், இன்ஜினியரையும் பண வண்டியையும் ஒரே நேரத்துக்கு வரச்சொல்லலாம்.